பீப்பாயின் இலக்கத்தைக் கேட்போம்

2021 மார்ச்சில் கொழும்புக்கு இறக்குமதியான தேங்காயெண்ணெயில் அஃப்லாடொக்சின் என்னும் நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் திருப்பி அனுப்ப உத்தரவிடப்பட்டது. சரியாகக் காயாத கொப்பராவில் பிடிக்கும் பூஞ்சணமே இந்நஞ்சை உண்டாக்குகிறது. அது கண்ணுக்குத் தெரியாது. பொரிக்கும் சூட்டிலும் முற்றாக அழியாது.

ஊரில் நமது தென்னையில் பறித்து, நாமே காயவைத்து ஆட்டிய எண்ணெய்க்குச் சான்று தேவைப்படவில்லை. இன்று வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் முறுக்குச் சுட்டு விற்கும் நாம், புறக்கோட்டையில் பீப்பாயாக வாங்குகிறோம். ஆகவே விற்பவரிடம் தொகுதி இலக்கத்தையும், அத்தொகுதிக்குரிய ஆய்வுகூட அறிக்கையையும் கேட்கவேண்டும்.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் இலக்கத்தைப் பாருங்கள். பீப்பாயில் 214 என்றிருக்க அறிக்கையில் 198 என்றிருந்தால், அது வேறு எண்ணெயின் அறிக்கை. அடுத்து, அஃப்லாடொக்சின் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். அமிலத்தன்மையும் ஈரமும் மட்டும் எழுதிய அறிக்கை இந்நஞ்சைப் பற்றி எதுவும் சொல்லாது. பல தொகுதிகளைத் தாங்கியில் கலந்து, மீண்டும் பீப்பாயில் அடைத்திருந்தால் பழைய அறிக்கை செல்லாது. கலந்தபின் எடுத்த மாதிரிக்கே புதிய அறிக்கை வேண்டும்.

நமது கொப்பியிலும் எந்தப் பீப்பாயில் எந்த நாள் பொரித்தோம், யாருக்குக் கொடுத்தோம் என்று குறிப்போம். பிழை தெரியவந்தால் அன்றைய பொதிகளை மட்டும் திருப்பி எடுக்கலாம். முழு உழைப்பையும் கொட்டவேண்டியதில்லை.

இவற்றைக் கேட்பது விற்பவரைச் சந்தேகிப்பதாகாது. நமது முறுக்கைத் தின்னும் பிள்ளைக்கு நாம் பொறுப்பு.