கண்ணாடி செல்ஃபியும் கலர் மாறிய சேலையும்

ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்தே சேலை விற்கிறாள். தானே கட்டிக்கொண்டு பீரோ கண்ணாடி முன் நின்று ஒரு க்ளிக், வாட்ஸப்பில் போட்டால் ஆர்டர் வரும். போன வாரம் ஒரு சேலை திரும்பி வந்துவிட்டது. வாங்கியவர் கேட்டது நீலம், போனது மயில் பச்சை. நீல ப்ளவுஸ் வேறு தைத்து வைத்துவிட்டாராம். போக வர கூரியர் காசு அக்கா தலையில். "என்னடா இது, நான் பச்சைனு நினைச்சுதானே போட்டேன்?" என்று அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பினாள். பார்த்தேன். அசல் நீலம்தான் தெரிந்தது!

ஏமாற்று வேலை இல்லை மக்களே. எல்லாம் பின்னால் இருந்த சுவர் செய்த வேலை.

அக்கா வீட்டு ஹாலுக்கு ஆரஞ்சு கலர் பெயிண்ட். தலைக்கு மேலே மஞ்சள் எல்இடி பல்பு. போன் கேமராவுக்கு எது நிஜக் கலர் என்று தெரியாது, ஊகம்தான் செய்யும். படம் முழுக்க ஆரஞ்சாக இருந்தால், "ஓஹோ, வெளிச்சமே மஞ்சள் போல" என்று முடிவு கட்டி, சரிசெய்கிறேன் பேர்வழி என்று நீலத்தைக் கூட்டும். ஏற்கனவே நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நிற்கிற மயில் பச்சை, நீலத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அக்காவின் கண்ணும் இதே மாதிரி சரிசெய்துகொள்ளும், ஆனால் கேமராவை விட ஒழுங்காக. அதனால்தான் நேரில் நிற்கும் அவளுக்குத் தப்பே தெரியவில்லை. கண்டுபிடிப்பது சுலபம். கையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். தாள் நீலமாகத் தெரிந்தால் சேலையும் அந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து போஸ். முந்தானை வலது தோளில் இருந்தது! கண்ணாடிப் படம் இடவலம் மாறித்தான் வரும். போனிலேயே திருப்பிவிடலாம், அரை நிமிட வேலை. ஆனால் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக் கீழே சாய்த்து எடுத்தது அப்படியில்லை. மேல் பகுதி பெரிதாகவும் கால் பக்கம் குட்டையாகவும் வந்து, கீழ் பார்டர் நூல் மாதிரி ஆகிவிட்டது. அந்தச் சேலையின் விசேஷமே நாலு விரல் அகல பார்டர்தான்! தூக்கிய முழங்கை வேறு முந்தானையை மேலே இழுத்துவிட்டது. போனை இடுப்பு உயரத்தில், கண்ணாடிக்கு நேராகச் சாய்க்காமல் பிடித்தால் போதும்.

இதைச் சொன்னதும் அக்கா, "அப்ப கண்ணாடியே வேணாமாடா?" என்றாள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கண்ணாடியில் ஒரு லாபம் இருக்கிறது. ஒரு மீட்டர் தள்ளி நின்றால் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு மீட்டரில் இருக்கும், ஆக இரண்டு மீட்டரில் நின்று எடுத்த மாதிரி. சின்ன அறையில் எடுத்துக்கொடுக்க ஆள் இல்லாதவருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதோடு, மில்காரன் அனுப்பும் மாடல் படத்தைவிட, நிஜ மனுஷி கட்டியிருப்பதைப் பார்த்துத்தான் நாலு பேர் வாங்குகிறார்கள்.

என் கட்சி இதுதான்: கண்ணாடி செல்ஃபி கட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டட்டும். கலருக்கு அதைச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். கலருக்குத் தனியாக ஒரு படம். லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கத்தில், வெள்ளை வேட்டி மேல் சேலையை விரித்து எடுக்க வேண்டும். ப்ரோ மோட் உள்ள போனில் WB என்பதை 5500 பக்கம் வைத்துப் பார்க்கலாம். ஓரத்தில் அந்த வெள்ளைத் தாளும் இருக்கட்டும்.

இதிலும் நூற்றுக்கு நூறு வராது. பாவுக்கு ஒரு கலர், ஊடைக்கு ஒரு கலர் போட்டு நெய்த சேலை கோணத்துக்குக் கோணம் மாறும். அதற்கு இரண்டு படம் வேண்டும். வாங்குபவர் போனில் இரவு மோட் போட்டிருந்தால் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரியும். அதனால் "மயில் பச்சை, நீலம் இல்லை" என்று எழுத்திலும் போட்டுவிடுவது நல்லது.

அக்கா நேற்று அதே சேலையை ஜன்னல் பக்கம் வைத்து எடுத்து அனுப்பினாள். பச்சையேதான். கீழே, "இப்ப நீலம் கேட்டு நாலு பேர் வர்றாங்கடா, என்ன பண்ண?" என்று ஒரு வரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை :-)