149 ரூபாய்தானே என்கிறீர்களா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கைப் போடுங்கள்!

மதுரை காளவாசலில் நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மாதம் கேபிள் டி.வி-க்கு 300 ரூபாய், பாட்டு ஆப்புக்கு 119, சினிமா ஆப்புக்கு 149, பைபாஸ் ரோட்டில் உள்ள ஜிம்முக்கு 1,000. தனித்தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். மூன்று மாதத்துக்குக் கூட்டினால் 4,704 ரூபாய்!

இதில் எதை நிறுத்துவது? கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. மூன்று மாதக் கட்டணத்தை, பயன்படுத்திய நாள்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்.

கேபிள் தினமும் ஓடுகிறது. 900-ஐ 90-ஆல் வகுத்தால் நாளுக்கு 10 ரூபாய். பாட்டு ஆப்பை 75 நாள் கேட்டிருக்கிறார்கள்; 5 ரூபாய்க்கும் குறைவு. சினிமா ஆப்பைத் திறந்தது மூன்றே நாள். ஒரு படத்துக்கு 149 ரூபாய். ஜிம்முக்குப் போனது 12 நாள். ஒருமுறைக்கு 250 ரூபாய்.

நிறுத்துவதற்கு முன் ஒரு கேள்வி

'இதையே வேறு வழியில் வாங்கினால் எவ்வளவு?' என்று கேளுங்கள். அந்த மூன்று படங்களையும் ஒரே மாதத்தில் பார்த்துவிடலாம். அந்த ஒரு மாதம் மட்டும் சந்தா கட்டினால் 298 ரூபாய் மிச்சம். ஜிம்மில் நாள் கட்டணம் 100 ரூபாய் என்றால், 12 நாளுக்கு 1,200 ரூபாய் போதும், 1,800 மிச்சம். அல்லது வாரம் மூன்று நாள் போனால், அதே சந்தாவில் ஒருமுறைக்கு 77 ரூபாய்தான் ஆகும்.

எங்கே தேடுவது?

மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் தொகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். யு.பி.ஐ ஆப்பில் Autopay பகுதியையும், ஆண்ட்ராய்டு போனில் ப்ளே ஸ்டோரின் Subscriptions பகுதியையும் பாருங்கள். வீட்டில் எல்லோருடைய போனையும் பார்த்தால், ஒரே ஆப்புக்கு இருவர் பணம் கட்டுவதும் தெரிந்துவிடும். ஆப்பை போனிலிருந்து நீக்கினால் மட்டும் சந்தா நிற்காது. அதை ரத்து செய்ய வேண்டும். கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அந்த எஸ்.எம்.எஸ்-ஐ விளம்பரம் என நினைத்து ஒதுக்காதீர்கள்.

இந்தக் கணக்கு செல்லாத இடங்கள்

ஆண்டுச் சந்தாவுக்குக் கட்டிய பணம் பெரும்பாலும் திரும்ப வராது. அதனால் புதுப்பிக்கும் தேதிக்கு பத்து நாள் முன்பாகக் காலண்டரில் குறித்துவைத்து, அப்போது முடிவெடுங்கள். இன்ஷூரன்ஸைப் 'பயன்படுத்தவே இல்லை' என்று நிறுத்தக் கூடாது. கூகுளில் கூடுதல் ஸ்டோரேஜ் வாங்கியிருந்தால், போட்டோக்களை வேறு இடத்தில் சேமித்துவிட்டு நிறுத்துங்கள். இலவச அளவான 15 ஜி.பி-யைத் தாண்டியிருந்தால், ஜிமெயிலுக்கு மெயில் வருவதே நின்றுபோகும்.

ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதல் ஞாயிறு இதற்குப் போதும். ஐ.பி.எல்-லுக்காகச் சேர்ந்த சந்தா ஜூலைக் கணக்கில் சிக்கிவிடும்!