வகுத்த எண்ணும் ஊகித்த எண்ணும்

பல ஆய்வகங்களின் அறிக்கைகளில் எச்பிஏ1சி முடிவுக்குக் கீழே ‘சராசரி குளுக்கோஸ்’ என்று இன்னொரு வரி இருக்கிறது. மில்லிகிராமை மில்லிமோலாக மாற்றிய எண்ணும் இந்தச் சராசரியும் ஒரே எழுத்தில், ஒரே உறுதியோடு அச்சாகின்றன. இரண்டும் ஒரே தரத்து எண்கள் அல்ல. குளுக்கோஸின் மூலக்கூறு எடை சுமார் 180. அதனால் டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் என்பதை 18ஆல் வகுத்தால் லிட்டருக்கு 7.0 மில்லிமோல். எந்த நோயாளிக்கும் இது மாறாது. சராசரி குளுக்கோஸ் அப்படிப்பட்டதல்ல. 2008இல் வெளியான, 507 பேரின் தரவை வைத்துச் செய்த பன்னாட்டு ஆய்வில் கிடைத்த கோட்டுச் சமன்பாடு அது: எச்பிஏ1சியை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழிக்க வேண்டும். 7 சதவீதத்துக்கு 154 வரும். அதே ஆய்வின்படி 7 சதவீதம் உள்ளவர்களில் பெரும்பாலோரின் உண்மையான சராசரி 123 முதல் 185 வரை எங்கும் இருக்கலாம். இந்த அகலத்தை நாம் அச்சிடுவதில்லை.

விளைவு என்னவென்று ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8.2, இரும்புச்சத்துக் குறைபாடு. எச்பிஏ1சி 7.4 என்றால் சமன்பாடு 166 என்று சொல்லும், அதாவது 9.2 மில்லிமோல். ஆனால் வெறும் வயிற்றில் அவருக்கு 98, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 136. சாப்பிட்ட பின் எடுத்த அளவே சராசரியைத் தொடவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது எச்பிஏ1சியைத்தான். இரும்புச்சத்துக் குறைபாட்டில் சிவப்பணுக்கள் ரத்தத்தில் கூடுதல் நாள் தங்கிச் சர்க்கரையை ஏற்றுக்கொள்வதால் எண் உயர்ந்து காட்டக்கூடும். சிவப்பணு சிதைவு நோயில் நேர்மாறாக, நல்ல எண்ணாகத் தோன்றி ஏமாற்றும். ரத்தசோகை உள்ளவர்களையும் கர்ப்பிணிகளையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு அந்தச் சமன்பாட்டை நீட்டுவது நம் தவறு.

குளுக்கோமீட்டரில் பார்க்கும் அலகிலேயே எண் இருந்தால் நோயாளிக்குப் புரியும் என்பார்கள். நியாயமான வாதம்தான், அந்த வரியை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கருவியின் 130ஐயும் அறிக்கையின் 166ஐயும் அருகருகே வைத்துக் குழம்புவதும் அதே நோயாளிதான். வித்தியாசம் மருத்துவருக்குத் தெரியும் என்பதும் போதாது. அவர் பார்க்கும் தாளில் ஹீமோகுளோபின் பெரும்பாலும் இருப்பதில்லை. எச்பிஏ1சி அளவீட்டில் 0.3 பிசகினாலே சராசரியில் 9 மில்லிகிராம் நகர்ந்துவிடும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ஆய்வகப் பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: அந்த வரியில் ‘மதிப்பீடு’ என்று எழுதுங்கள், 154 என்பதோடு 123–185 என்ற எல்லையையும் அச்சிடுங்கள். ரத்தசோகை தெரிந்த மாதிரிகளுக்கு அந்த வரியையே நிறுத்திவிடுங்கள்.