செலவு ஏறுமுன் தெரியும் சோர்வு

மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜரில் ஒரு விளம்பரத்துக்கு எதிரே ‘Creative fatigue’ என்ற அறிவிப்பு தோன்றும்போது, அந்த விளம்பரம் சோர்ந்து பல நாள் ஆகியிருக்கும். ஒரு பலனுக்கு ஆகும் செலவு, அதே விளம்பரதாரர் முன்பு ஓட்டிய விளம்பரங்களின் செலவைப் போல இரு மடங்கையோ அதற்கு மேலோ தொட்டால்தான் இந்த அறிவிப்பு வரும் என்பது மெட்டாவே தரும் விளக்கம். செலவு கூடியிருக்கிறது, ஆனால் இரு மடங்கு ஆகவில்லை என்றால் ‘Creative limited’ என்று காட்டும். லாப விகிதம் குறுகலான பொருளை விற்கிறவர் இந்த அறிவிப்புகளுக்காகக் காத்திருக்க முடியாது. ஒரு ஆர்டரில் கையில் நிற்பது 480 ரூபாய் என்றால், வாடிக்கையாளரைப் பிடிக்கும் செலவு 400-லிருந்து 520 ஆனபோதே அவர் நஷ்டத்தில் விற்கத் தொடங்கிவிடுகிறார். 800-க்குப் போகும்வரை தளம் ‘சோர்வு’ என்று சொல்லாது.

ஆகவே சோர்வை வேறோர் இடத்தில், வேறோர் எண்ணில் தேட வேண்டும். அந்த எண் எது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். இணையத்தில் ஃபில்டர் காபிப் பொடி விற்கும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு வீடியோ விளம்பரத்துக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் செலவிடுகிறது. ஆயிரம் தோற்றங்களுக்கு 150 ரூபாய், கிளிக் விகிதம் 1.5 சதவீதம், தளத்துக்கு வந்தவர்களில் வாங்குகிறவர்கள் 2.5 சதவீதம். துறையில் எல்லோரும் அறிந்த சூத்திரம் இது:

```
CPA = CPM ÷ (1000 × CTR × CVR)
```

ஆயிரம் தோற்றங்களுக்கு 15 கிளிக், 0.375 ஆர்டர், ஆக ஓர் ஆர்டருக்கு 400 ரூபாய். நாளுக்கு 25 ஆர்டர், வாரத்துக்கு 175.

மூன்றாம் வாரத்தில் கிளிக் விகிதம் 1.35 ஆகிறது. ஆயிரம் தோற்றங்களின் விலை 152. ஓர் ஆர்டரின் செலவு 450 என்று கணக்கு சொல்கிறது. கணக்கைப் பார்க்கிறவர் பதறுவதில்லை. பதறாததற்கு நியாயமும் உண்டு. வாரத்துக்கு 175 ஆர்டர் வருகிற இடத்தில், எந்தக் காரணமும் இல்லாமலே எண்ணிக்கை 13 கூடவும் குறையவும் செய்யும். அதாவது ஏறத்தாழ 8 சதவீதம். ஊசலாட்டம் அவ்வளவு இருக்கும்போது 12 சதவீத ஏற்றத்தையும் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஒரே நாளை எடுத்துப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம்: 25 ஆர்டரில் 5 கூடுவதும் குறைவதும் சாதாரணம். நேற்றைய செலவைப் பார்த்து இன்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் தற்செயலைத்தான் துரத்துகிறார்.

கிளிக்கின் கதை வேறு. வாரத்துக்கு நாலரை லட்சம் தோற்றங்களுக்கு மேல் போகும் விளம்பரத்தில் 7,000 கிளிக் வருகிறது. அந்த அளவில் தற்செயல் ஊசலாட்டம் ஒன்றேகால் சதவீதம்கூட இல்லை. ஆகவே 1.5 என்பது 1.35 ஆகியிருந்தால் அது தற்செயல் அல்ல, ஏதோ மாறியிருக்கிறது. ஆர்டர் செலவு இன்னும் சந்தேகத்துக்கு இடமளிக்கும் அதே வாரத்தில் கிளிக் விகிதம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. நாலாம் வாரத்தில் அது 1.2 ஆகி, ஆயிரத்தின் விலை 156-ஐத் தொடும்போது ஓர் ஆர்டருக்கு 520 ரூபாய். இந்த இரண்டு வாரங்களுக்கு இடையே இருக்கும் ஏழு நாள்தான் விளம்பர மேலாளருக்குக் கிடைக்கும் அவகாசம்.

ஆயிரம் தோற்றங்களின் விலை ஏன் சற்றே ஏறுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மெட்டாவின் ஏலத்தில் வெல்வது பெரிய தொகை மட்டும் அல்ல. கேட்பு விலையுடன், பார்ப்பவர் விரும்பிய செயலைச் செய்வார் என்ற கணிப்பு விகிதம் பெருக்கப்பட்டு, விளம்பரத்தின் தரமும் சேர்க்கப்படுகிறது. சோர்ந்த விளம்பரத்தின் கணிப்பு விகிதம் இறங்குகிறது. அதே இடத்தை வாங்க அதிக விலை தர வேண்டியதாகிறது. கிளிக் குறைவது ஓர் அடி என்றால், அதே தோற்றத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பது இரண்டாம் அடி.

ஆனால் கிளிக் விகிதம் இறங்கியதெல்லாம் சோர்வு ஆகிவிடாது. இங்கேதான் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். தளம் தானாகவே இடங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, ஃபீடுக்குப் போன பணம் ஒரு வாரத்தில் ரீல்ஸுக்குத் திரும்பலாம். இரண்டு இடங்களின் கிளிக் விகிதமும் இயல்பிலேயே வேறு. விளம்பரம் அப்படியே இருந்தும் மொத்தச் சராசரி சரியும். அதனால் ஃபீடை ஃபீடோடும் ரீல்ஸை ரீல்ஸோடும் பிரித்து வைத்துப் பார்த்த பிறகே பேச வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் எல்லா விளம்பரங்களின் தோற்ற விலையும் சேர்ந்தே ஏறினால், கிளிக் விகிதம் நிலையாக இருந்தால், அது சந்தை நெரிசல். கிளிக் விகிதமும் தோற்ற விலையும் அசையாமல் வாங்குவோர் விகிதம் மட்டும் விழுந்தால், கோளாறு விற்பனைத் தளத்தில்: பக்கம் மெதுவாகத் திறக்கிறது, சலுகை முடிந்துவிட்டது, இருப்பு தீர்ந்துவிட்டது. இந்த இரண்டு நிலைகளிலும் புது வீடியோ எடுப்பது பணத்தை வீணாக்கும்.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஆட்ஸ் மேனேஜரின் ‘Inspect’ பகுதியில், அன்றைய தோற்றங்களில் எத்தனை சதவீதம் அந்த ஆட் செட்டின் விளம்பரத்தை முதன்முறையாகப் பார்ப்பவர்களுக்குப் போயின என்ற எண் ‘First time impression ratio’ என்ற பெயரில் கிடைக்கும். கிளிக் விகிதம் இறங்கும் அதே காலத்தில் இந்த எண்ணும் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டே வந்தால் சோர்வு என்று துணிந்து சொல்லலாம். கிளிக் இறங்கியும் இந்த எண் உயர்ந்தே நின்றால், புதிதாக வரும் ஆட்களுக்கே விளம்பரம் பிடிக்கவில்லை. அதற்கான மருந்து வேறு.

துறையில் பலர் நம்பியிருக்கும் ‘ஃப்ரீக்வென்சி 3’ என்ற எல்லைக்கோடு இந்த வேலைக்கு உதவாது. அது சராசரி. 2.7 என்ற எண்ணுக்குள் ஒரே முறை பார்த்த லட்சக்கணக்கானவர்களும், பத்து முறை பார்த்துச் சலித்தவர்களும் அடங்குவார்கள். மூன்று என்ற எண் பெரும்பாலும் ஹெர்பர்ட் க்ரூக்மன் 1972-இல் எழுதிய கட்டுரையோடு சேர்த்துப் பேசப்படுகிறது. அவர் சொன்னது, முதல் பார்வை ‘இது என்ன’ என்று கேட்கிறது, இரண்டாவது ‘இதனால் எனக்கென்ன’ என்று கேட்கிறது, மூன்றாவதும் அதற்குப் பிந்தையவையும் நினைவூட்டல் என்பதே. நாலாம் முறை காட்டக்கூடாது என்ற உச்சவரம்பை அவர் வகுக்கவில்லை.

இனி அட்டவணை. மாதம் ஒருமுறை மாற்றுவது என்று நாள்காட்டியைப் பார்த்து எழுதுவது அட்டவணை ஆகாது. அது கணக்கின் சொந்த வரலாற்றிலிருந்து வர வேண்டும். ஏற்கெனவே வெற்றிகரமாக ஓடிய ஐந்தாறு விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றின் கிளிக் விகிதமும் தன் நிலையான முதல் வாரத்தைவிட 15 சதவீதம் இறங்க எத்தனை நாளானது என்று பார்க்க வேண்டும். காபி நிறுவனத்துக்கு 19, 22, 24, 29, 33 நாள் என்று வருகிறது என்போம். சராசரி 25-ஐத் தாண்டும். ஆனால் திட்டமிட வேண்டியது குறைந்த ஆயுளை ஒட்டி. ஏறத்தாழ 20 நாள் என்று வைப்பதே பாதுகாப்பு. பட்ஜெட்டை இரட்டித்தால் இந்த ஆயுள் சுருங்கும் என்பதால், நாளோடு சேர்த்துத் தோற்றங்களின் எண்ணிக்கையையும் குறித்து வைப்பது நல்லது.

அந்த 20 நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். சோதனைக்கு ஏழு நாள். எழுத்து, படப்பிடிப்பு, எடிட்டிங், உரிமையாளரின் ஒப்புதல் எல்லாம் சேர்ந்து பத்து நாள். ஆக, இப்போதைய விளம்பரம் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாளே அடுத்ததன் எழுத்து வேலை தொடங்கியிருக்க வேண்டும். எல்லோரும் ‘நல்லா ஓடுது’ என்று மகிழ்ந்திருக்கும் நாள் அது. பெரும்பாலான கணக்குகள் தவறவிடுவது அந்த நாளைத்தான்.

எத்தனை விளம்பரம் தேவை என்பது வெற்றி விகிதத்தைப் பொறுத்தது. நான்கு முயற்சியில் ஒன்று தேறும் கணக்கு என்றால், 20 நாளுக்கு ஒரு வெற்றி வேண்டுமானால் நான்கு சோதனைகள் வேண்டும். இதற்கு நாளுக்கு 2,000 ரூபாய் ஒதுக்கினால், நான்குக்கும் சமமாகப் பிரியும்போது வாரத்தில் ஒவ்வொன்றுக்கும் 23,000-க்குச் சற்று மேல் தோற்றங்களும், ஏறக்குறைய 350 கிளிக்கும் கிடைக்கும். கிளிக் விகிதத்தில் 20 சதவீத வித்தியாசத்தைக் காண இது போதும். ஆர்டரோ ஒவ்வொன்றுக்கும் எட்டோ ஒன்பதோதான் வரும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க இயலாது. முதல் வாரத்தில் கிளிக்கைக் கொண்டு இரண்டைக் கழித்து, மிஞ்சிய இரண்டையும் ஆர்டரைக் கொண்டு அளப்பதே முறை. இந்த இரண்டாம் சுற்றுக்கு, முக்கிய ஆட் செட்டிலேயே அவற்றுக்கு இடம் கொடுத்துவிடலாம். கிளிக்கை மட்டும் நம்பினால், ஆர்வத்தைக் கிளறிவிட்டு வாங்க வைக்காத விளம்பரம் ஜெயித்துவிடும். நான்கையும் ஒரே ஆட் செட்டில் போட்டால் தளம் விரைவிலேயே ஒன்றுக்குப் பணத்தைச் சாய்த்துவிடும் என்பதால், சமமாகப் பிரிக்கும் ‘A/B test’ வசதியைப் பயன்படுத்துவது நலம்.

நான்கும் நான்கு எண்ணங்களாக இருக்க வேண்டும் என்பது இவ்விதழ் வலியுறுத்தும் நிபந்தனை. பின்னணி நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றிய விளம்பரம், பார்த்தவர் கண்ணுக்கு அதே விளம்பரம்தான். அன்று அரைத்த பொடியின் மணம் என்பது ஓர் எண்ணம். சிக்கரி எத்தனை பங்கு என்பதை மறைக்காமல் சொல்வது இன்னொன்று. விடுதி அறையில் தனியாகக் காபி போடும் மாணவர் மூன்றாவது. பேசுபவர் யார், முதல் மூன்று விநாடியில் கண்ணில் படுவது எது, வாங்கச் சொல்லும் காரணம் எது என்ற மூன்றில் குறைந்தது இரண்டேனும் மாறவில்லை என்றால் அதைப் புதிய விளம்பரமாக எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

மாற்றும் விதத்திலும் பணம் கசியும். ஓடும் ஆட் செட்டில் புது விளம்பரத்தைச் சேர்ப்பதையே மெட்டா பெரிய திருத்தமாகக் கருதி, கற்றல் கட்டத்தை மறுபடி தொடங்கும். ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 50 ஆர்டர் கிடைத்தால்தான் அந்தக் கட்டம் முடியும். தினம் ஒன்றாகச் சேர்ப்பவர் கற்றல் முடிவதற்கே இடம் தருவதில்லை. தேறியவற்றைச் சுழற்சிக்கு ஒருமுறை மொத்தமாகச் சேர்த்து, பழையதையும் சில நாள் கூடவே ஓடவிட்டு, ஆயிரம் தோற்றங்களுக்கு எத்தனை ஆர்டர் என்ற ஒரே அளவுகோலில் இரண்டையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். பழையது இன்னும் முந்தி நின்றால் அதை நிறுத்தக் காரணமே இல்லை. கடைசி சில நாள்களின் ஆர்டர் கணக்கு நிறைவு பெற்றிருக்காது என்பதும் நினைவிருக்கட்டும். கிளிக் செய்து ஆறாம் நாள் வாங்குபவரும் அந்த விளம்பரத்தின் கணக்கில்தான் சேர்வார்.

ரீடார்கெட்டிங்குக்குத் தனி அட்டவணை வேண்டும். 20,000 பேர் கொண்ட பட்டியலுக்கு, ஆயிரத்துக்கு 200 ரூபாய் விலையில் நாளுக்கு 1,500 ரூபாய் செலவிட்டால், வாரத்தில் 52,500 தோற்றங்கள். பட்டியலில் எல்லோரையும் எட்டினாலும் மாதத்தில் ஒருவர் பதினோரு முறை பார்க்கிறார். அங்கே 20 நாள் என்பது நீண்ட காலம். பட்ஜெட்டைக் குறைப்பதே பல நேரம் புது வீடியோவைவிடச் சரியான தீர்வு.

விளம்பரத்தைத் தயாரித்தவர்கள் அதைத் தினமும் பார்க்கிறார்கள்; அவர்களுக்குச் சலித்தது வாடிக்கையாளருக்குச் சலித்ததற்கு ஆதாரம் ஆகாது. தோற்றங்களில் பாதிக்கு மேல் புதியவர்களுக்குப் போய்க்கொண்டு, கிளிக் விகிதமும் நிலையாக இருக்கும் விளம்பரத்தை அலுவலகச் சலிப்புக்காக நிறுத்தும் முடிவை எந்த நிறுவனமும் ஏற்கக் கூடாது. வாசகர்கள் இந்த வாரமே தங்கள் கணக்கில் கடைசியாக ஓய்ந்த ஐந்து விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த நாளில் 15 சதவீதம் இறங்கியது என்று எழுதிப் பார்க்க வேண்டுகிறோம்.