கல்யாணம் அவர்களுடையது, காசு எங்களுடையது

இலவச எழுத்துருத் தளங்களில் ஒரு வரி கிடக்கும்: Free for personal use. எங்களைப்போலக் கம்பஸில் படித்துக்கொண்டே கல்யாண கார்ட், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று டிசைன் செய்து கைச்செலவைப் பார்க்கிற பெடியளும் பெட்டையளும் இந்த வரியை வாசிக்காமல் இல்லை. வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டு, "கல்யாணம் எண்டா பேர்சனல் விசயம் தானே" என்று டவுன்லோட் பட்டனை அமத்துகிறார்கள். நாங்கள் சண்டை பிடிக்க வந்தது அந்த ஒரு வசனத்தோடுதான்.

கல்யாணம் மாப்பிள்ளை பொம்பிளைக்குப் பேர்சனல். சரி. ஆனால் எழுத்துருவைப் பாவிக்கிறது யார்? அதைத் தன்னுடைய கணினியில் போட்டு, அதால் பெயரை எழுதி, கூலி வாங்குகிற ஆள். உரிமம் அந்த ஆளோடுதான் கதைக்கிறது. பொம்பிளையே தன் லப்டொப்பில் அந்த எழுத்துருவைப் போட்டுத் தன் கார்டைத் தானே செய்தால், அது பேர்சனல். அதே கார்டை நாங்கள் 8,000 ரூபா வாங்கிச் செய்தால், அது வியாபாரம். கார்டும் எழுத்தும் ஒன்றுதான், இடையில் காசு கை மாறியிருக்கிறது. நண்பனின் அக்காவுக்குச் சும்மா செய்து கொடுக்கிறது வேறு கதை என்பீர்கள். அதையே பேஜில் போட்டு "ஓடர்களுக்கு இன்பொக்ஸ் பண்ணவும்" என்று எழுதினால் அதுவும் விளம்பரமாகிவிடும்.

"ஆர் வந்து பிடிக்கப்போறாங்கள்?" என்று கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், 300 கார்டுக்காக ஒருவரும் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை. அந்தப் பயத்தைக் காட்டி இதை எழுதவில்லை. எங்களுக்கு உறுத்துவது வேறு. எங்களுடைய டிசைன் ஒன்றை ஒரு கடை எடுத்து, மூலையில் இருந்த எங்கள் பெயரை வெட்டி, வேறு இரண்டு பெயரைப் போட்டு விற்றபோது நாங்கள் எல்லாரும் பேஸ்புக்கில் பொங்கினோம். "உழைப்புத் திருட்டு" என்று ஸ்டேட்டஸ் போட்டோம். அந்தக் கார்டைச் செய்ய எங்களுக்கு எடுத்தது இரண்டு இரவு. ஒரு தமிழ் எழுத்துருவைச் செய்கிறவருக்கு உயிர், மெய், உயிர்மெய், கிரந்தம் எல்லாம் வரையவேண்டும். அதிலும் கு, ஙு, சு, டு, மு என்று உகர ஊகார வரிசை ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு விதமாக வளைகிறது. ஒரு குறியை வரைந்து எல்லாவற்றிலும் ஒட்ட ஏலாது, தனித்தனியாகத்தான் வரையவேண்டும். மாதக்கணக்கான வேலை. எங்கள் இரண்டு இரவு உழைப்பு என்றால் அது என்ன?

சரி, தத்துவத்தை விடுவோம். அண்மையில் எங்களிடம் வந்த ஒரு கார்டைப் பற்றிச் சொல்கிறோம். வீட்டார் தமிழ்நாட்டுக் கார்ட் ஒன்றின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பி, "பேர் ரெண்டும் இதே எழுத்தில வரவேணும்" என்றார்கள். தடித்துச் சுழன்று போகிற எழுத்து. தேடினதில் ஒரு தளத்தில் கிடைத்தது. தளத்தில் பெரிதாக Free என்று பச்சைப் பட்டன். ஸிப்பைத் திறந்தால் .ttf கோப்பு மட்டும் கிடந்தது. உரிமம் சொல்லுகிற ஒரு டெக்ஸ்ட் கோப்புக்கூட இல்லை. இதுதான் முதல் சந்தேகம். எழுத்துருவைச் செய்தவர் நேரடியாக வெளியிட்டிருந்தால் கூடவே OFL.txt, License.txt, readme என்று ஏதாவது வைத்திருப்பார். இடையில் யாரோ எடுத்து ஏற்றும்போதுதான் அது காணாமல் போகிறது.

அடுத்து, கோப்பில் ரைட் கிளிக் பண்ணி Properties போய் Details பார்த்தோம். Copyright என்ற இடத்தில் செய்தவரின் பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அவருடைய சொந்தப் பக்கத்துக்குப் போனால், சொந்தப் பாவனைக்கு இலவசம், வியாபாரத்துக்குக் காசு என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அவர் கேட்கிற விலை எங்கள் டிசைன் கூலியில் பாதிக்கு மேல். பச்சைப் பட்டன் வைத்திருக்கிற தளத்துக்கு அதை இலவசம் என்று சொல்ல எந்த உரித்தும் இல்லை. செய்தவர் சொன்னதுதான் செல்லும். Copyright இடம் வெறுமையாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். விட்டுவிட வேண்டியதுதான். அனுமதி எழுதப்படாத எழுத்துருவை இலவச எழுத்துரு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வீட்டாரிடம் இரண்டு வழி சொன்னோம். அந்த எழுத்துத்தான் வேண்டுமென்றால் உரிமக் காசை மேலதிகமாகத் தரவேண்டும். இல்லையென்றால் திறந்த உரிமத்தில் இருக்கிற எழுத்துருவை வைத்து நாங்கள் பெயரை வரைந்து தருவோம். அவர்கள் இரண்டாவதைக் கேட்டார்கள்.

இங்கேதான் எங்கள் ஆட்களின் பெரிய முறைப்பாடு வரும்: "அந்த கூகிள் பொன்ட்டுகளில கல்யாணக் களை இல்லை மச்சான்." பாதி உண்மை. Noto Serif Tamil இல் பெயரைப் பெரிதாகப் போட்டால் பாடப்புத்தக அட்டை மாதிரித்தான் இருக்கும். ஆனால் Kavivanar என்று ஒன்று இருக்கிறது. சாய்ந்த கையெழுத்து வடிவம், தமிழோடு ஆங்கில எழுத்தும் சேர்ந்தே வருகிறது. செய்தவர் தாரிக் அஸீஸ், இலங்கைக்காரர். Pavanam உம் அவருடையதுதான். எங்கள் நாட்டு ஆள் ஒருவர் செய்து உலகத்துக்கே திறந்து விட்டதைத் தொட்டும் பார்க்காமல், வேறொருவர் விற்கிறதைக் களவாய் எடுப்பதை என்னவென்று சொல்ல?

இந்த எழுத்துருக்கள் வருவது SIL Open Font License என்ற உரிமத்தில். அதை வாசிக்க ஐந்து நிமிடம் போதும். கூலிக்குச் செய்கிற வேலையில் பாவிக்கலாம், எத்தனை கார்டும் அடிக்கலாம், ஒருவரிடமும் கேட்கத் தேவையில்லை. எழுத்துருக் கோப்பைத் தனியே விற்கக்கூடாது. கோப்பையே திருத்தி வெளியிட்டால் அதுவும் அதே உரிமத்தில்தான் போகவேண்டும், செய்தவர் ஒதுக்கி வைத்த பெயரை அதற்குப் போடவும் ஏலாது. கவனியுங்கள், இந்தக் கட்டுப்பாடு எழுத்துருக் கோப்புக்குத்தான். அதைக்கொண்டு செய்த கார்டுக்கு இல்லை. ஆகவே இலஸ்ரேற்றரில் பெயரைத் தட்டச்சி, Create Outlines கொடுத்து வெறும் கோடுகளாக மாற்றிய பிறகு உங்கள் கை உங்கள் விருப்பம். நாங்கள் மாப்பிள்ளையின் பெயரில் இருந்த கடைசி இகரச் சுழியை இழுத்து, பொம்பிளையின் பெயருக்கு மேலால் வளைத்துக் கொண்டுபோனோம். அடிக்கோட்டுத் தடிப்பைக் கூட்டினோம். மூன்று மணித்தியாலம் எடுத்தது. வீட்டார் அனுப்பின படத்து எழுத்து மாதிரி இல்லை. ஆனால் வேறு ஒரு கார்டிலும் இல்லாத எழுத்து. (விலைக்கு விற்கிற சில எழுத்துருக்களின் உரிமம் இப்படி வடிவத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. அதையும் வாசித்துப் பார்க்கவேண்டும்.)

எழுத்துருவை முடிவு பண்ணமுதல் பெயர்களையும் சடங்குச் சொற்களையும் ஒருதரம் அடித்துப் பார்க்கவேண்டும். எங்களுக்கு ஒரு பெயரில் 'ஷ' இருந்தது, மற்றதில் 'ஜ'. மேலே 'ஸ்ரீ'. நிக்காஹ் கார்டென்றால் 'ஹ்' கட்டாயம். அவசரத்துக்குச் செய்த எழுத்துருக்களில் இந்தக் கிரந்த எழுத்துகள்தான் இராது. அந்த ஒரு எழுத்து மட்டும் வேறு வடிவத்தில் வந்து நிற்கும், இல்லாவிட்டால் வெறும் பெட்டி வரும்.

இன்னொரு சாட்டும் கேட்டிருக்கிறோம்: "யுனிகோட் இலஸ்ரேற்றரில உடையுது, அதாலதான் பாமினி." உடைவது உண்மை. 'பெ' என்று அடித்தால் கொம்பு பின்னால் போய் நிற்கும், 'கு' என்று அடித்தால் ககரமும் உகரக் குறியும் தனித்தனியாய்ப் பிரிந்திருக்கும். ஆனால் அது எழுத்துருவின் பிழையில்லை. Preferences இல் Type க்குள் Show Indic Options ஐத் தெரிவுசெய்துவிட்டு, Paragraph பெட்டியின் மெனுவில் South Asian என்று வருகிற Composer ஐ எடுத்தால் சரியாகிவிடும். பாமினி உடையாததற்குக் காரணம், அதற்குத் தமிழே தெரியாது என்பதுதான். உள்ளே கிடக்கிறது jkpo; என்ற ஆங்கிலக் குறிகள், மேலே 'தமிழ்' என்ற படம். அதிலும் எங்களில் ஒருவரிடமும் பாமினி உரிமப் பத்திரத்தோடு வந்து சேரவில்லை. பென்ட்ரைவில் வந்தது, பென்ட்ரைவில் போகிறது.

அச்சகத்துக்குக் கொடுக்கிறபோதும் இதே பழக்கம்தான். "பொன்ட்டையும் சேத்து அனுப்புங்கோ தம்பி" என்பார்கள். திறந்த உரிமம் என்றால் உரிமக் கோப்போடு அனுப்பலாம். காசுக்கு வாங்கினது என்றால் அது பெரும்பாலும் இத்தனை கணினிக்கு என்று எண்ணித் தரப்பட்டது. அச்சகத்துக் கணினி அந்தக் கணக்கில் இல்லை, பட்ச் மேற்றின் லப்டொப்பும் இல்லை. எழுத்தை எல்லாம் கோடுகளாக்கி பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் எழுத்துருவை அனுப்பத் தேவையே வராது, அங்கே திறக்கும்போது எழுத்து மாறிப்போகிற தலையிடியும் இல்லை. தட்டச்சு நிலையில் ஒரு பிரதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரம் கடைசி நிமிடத்தில் மாறாத கல்யாணத்தை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை.

இப்போது கார்டோடு வேலை முடிவதில்லை. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்களுக்கென்று ஒரு வெப் பக்கமும் கேட்கிறார்கள். அச்சுக்கும் வட்ஸ்அப் படத்துக்கும் போதுமான டெஸ்க்டொப் உரிமம் அங்கே அநேகமாகப் போதாது. பக்கத்தைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் எழுத்துருக் கோப்பு இறங்குவதால் அதற்கு வெப் உரிமம் தனியாக விற்கிறார்கள். பெயரைப் படமாகப் போட்டுவிட்டு மிச்சத்தைத் திறந்த எழுத்துருவில் விடலாம்.

நாங்கள் இப்போது கொடுக்கிற பில்லில் டிசைன், அச்சு, கவர் என்பவற்றுக்குக் கீழே "எழுத்துரு" என்று ஒரு வரி இருக்கிறது. அநேகமான கார்டுகளுக்கு அந்த வரிக்கு நேரே எழுத்துருவின் பெயரும் 0 ரூபாவும்தான் வரும். ஒரு மாமி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சும்மா வந்ததை ஏன் பிள்ளை பில்லில போட்டிருக்கிறாய்?" அது ஆர் தந்தது என்று சொல்லத்தான் மாமி.