நூறு நாள் வேலை: அட்டையில் பதிவு இருந்தும் சம்பளம் வராதது ஏன்? எங்கே புகார் செய்வது?

"அட்டையில ஆறு நாள் எழுதியிருக்கு, பேங்க்ல ஒரு ரூபா வரலையே" என்பது படப்பை சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் எழும் புகார். தமிழகத்துக்கு 1,056 கோடி ரூபாய் ஊதிய நிலுவை இருப்பதாக முதல்வர் ஸ்டாலின் 2025 ஜனவரி 13 அன்று பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஆனால், எல்லாருடைய பணமும் ஒரே காரணத்தால் நிற்பதில்லை.

பதிவு இருந்தால் போதாதா?

வேலை அட்டைப் பதிவு, வேலை செய்ததற்கான சான்று மட்டுமே. வருகைப் பதிவேடு முடிந்த பிறகு வேலையை அளந்து, ஊதியப் பட்டியல் போட்டு, எஃப்.டி.ஓ. எனும் பண மாற்ற ஆணையில் ஒன்றிய அலுவலகம் கையொப்பமிட வேண்டும். அதன் பிறகே மத்திய அரசின் நிதி வங்கிக்குப் போகும்.

எங்கே நிற்கிறது என்று எப்படித் தெரியும்?

nrega.nic.in தளத்தில் வேலை அட்டை எண்ணைக் கொண்டு பார்க்கலாம். எஃப்.டி.ஓ. இல்லையென்றால் தாமதம் உள்ளூர் அலுவலகத்தில். ஆணை போயும் பணம் வரவில்லையென்றால் மத்திய நிதிக்காகக் காத்திருக்கிறது. நிராகரிக்கப்பட்டிருந்தால் ஆதார் அல்லது வங்கி இணைப்பில் சிக்கல்.

'பணம் செலுத்தப்பட்டது' என்று காட்டியும் கைக்கு வராதது நான்காவது வகை. பணம் ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்கே போகும். ஒரகடம் தொழிற்சாலையில் சில மாதம் கான்ட்ராக்ட் வேலை பார்த்தபோது புதிதாகத் திறந்த சம்பளக் கணக்கை ஆதாருடன் இணைத்திருந்தால், நூறு நாள் சம்பளம் அதில் விழுந்திருக்கலாம். பழைய பாஸ்புக்கை மட்டும் பார்த்தால் தெரியாது.

இழப்பீடு உண்டா?

பதிவேடு முடிந்த 15 நாளுக்குள் ஊதியம் தர வேண்டும். 16-வது நாளிலிருந்து தினமும் 0.05 சதவீத இழப்பீடு. உதாரணமாக, 2024 டிசம்பர் 14-ல் முடிந்த பதிவேட்டில் 6 நாள் வேலை, முழு ஊதியம் 319 ரூபாய் என்றால் மொத்தம் 1,914 ரூபாய். மார்ச் 29 வரை 90 நாள் தாமதத்துக்கு இழப்பீடு சுமார் 86 ரூபாய்தான். மத்திய அரசின் கட்டத்தில் ஏற்படும் தாமதமும் இதில் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் கூறியது.

புகாரை எப்படித் தருவது?

வட்டார வளர்ச்சி அலுவலரிடம் எழுத்து மூலம் தர வேண்டும். இப்பகுதிக்கு குன்றத்தூர் ஊராட்சி ஒன்றிய அலுவலகம். வேலை அட்டை எண், வேலையின் பெயர், தேதிகள், பதிவேட்டு எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அட்டைப் பக்கத்தின் நகலை இணைக்க வேண்டும். தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு கட்டாயம் வாங்க வேண்டும். சட்டப்படி புகாரைப் பதிவேட்டில் ஏற்றி 7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதால், அந்தத் தேதிதான் கணக்கு. பதில் வராவிட்டால் மாவட்டக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

நிதி வராததால் நிற்கும் பணத்தை ஒன்றிய அலுவலகத்தால் கொடுத்துவிட முடியாது. ஆனால் எஃப்.டி.ஓ. எந்தத் தேதியில் போனது என்பதை எழுதித் தரும்படி கேட்கலாம். இழப்பீடு கேட்க அந்தத் தாள் உதவும்.