படத்தின் மேல் எழுத்து: எங்கே அளப்பது?

பச்சை வயல், அதற்கு மேல் வெண்மேகம் தவழும் வானம். அப்படத்தின் மீது வெள்ளை எழுத்தில் ஒரு பயிர்க்கடன் அறிவிப்பு இருப்பதாகக் கொள்வோம். தலைப்பு அடர்ந்த மரங்களின் மேல் தெளிவாக நிற்கிறது. விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளோ மேகத்தின் மேல் விழுந்து கரைந்துபோகிறது. கண்புரை உள்ள முதியவர் அறிவிப்பைக் காண்பார், தேதியைக் காணமாட்டார்.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாட்டை அளக்க உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல் உண்டு. வேறுபாடே இல்லையெனில் 1:1. கறுப்புக்கும் வெள்ளைக்கும் 21:1. இணைய அணுகல் நெறிமுறைகளின்படி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேண்டும், பெரிய எழுத்துக்கு 3:1 போதும். இதைக் கணக்கிடும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

எனினும், ஒரே நிறமுள்ள பின்னணிக்கு ஏற்ற இக்கணக்கைப் படத்திற்கு அப்படியே பொருத்த இயலாது. மரத்தின் பச்சையில் ஒரு புள்ளியை எடுத்து அளந்தால் அறிவிப்பு தேர்ச்சி பெற்றுவிடும். வெள்ளை எழுத்தெனில், அதன் பின்னே மிக வெளிச்சமான புள்ளியையே அளக்க வேண்டும். கறுப்பு எழுத்தெனில் மிக இருண்ட புள்ளியை. கைப்பேசியிலும் கணினியிலும் படம் வெவ்வேறாக வெட்டப்படுவதால், எழுத்து விழும் இடமும் மாறும். ஆகவே ஒவ்வொரு திரை அளவிலும் அளப்பது அவசியம்.

நிறத்தை நம்புவதும் ஏமாற்றமே தரும். தூய சிவப்பு எழுத்தை (#FF0000) அடர்பச்சையின் (#008000) மேல் வைத்தால், பலர் கண்ணுக்கு அது பளிச்செனத் தோன்றும். ஆனால் அதன் ஒளி வேறுபாடு ஏறத்தாழ 1.3:1 மட்டுமே. சிவப்பு, பச்சை வேறுபாட்டை உணராதவருக்கு அவ்வெழுத்து பின்னணியோடு ஒன்றிவிடும். கைப்பேசித் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தால் இக்குறை உடனே புலப்படும். ஆயினும் அது எச்சரிக்கை மட்டுமே. பார்வை குறைந்தவருக்குப் போதுமா என்பதை எண்ணே சொல்லும்.

படத்தின் மேல் மெல்லிய கருந்திரை விரிப்பது வழக்கமான தீர்வு. அதிலும் கணக்குத் தேவை. தூய வெள்ளை மேகத்தின் மேல் 50 விழுக்காடு கருமை சேர்த்தாலும், வெள்ளை எழுத்துக்குக் கிடைப்பது 4:1-க்குச் சற்றுக் குறைவே. 55 விழுக்காடாக்கினால் 4.7:1 ஆகி எல்லையைத் தாண்டும். அதற்குள் வயலின் பசுமை மங்கிவிடும் என வடிவமைப்பாளர் வருந்தலாம், அவ்வருத்தம் நியாயமானதே.

எனவே என் கருத்து இது: வட்டி, தேதி, நிபந்தனை ஆகியவற்றைப் படத்தின் மேல் எழுதவே வேண்டாம். அவற்றைப் படத்தின் கீழே ஒரே நிறப் பட்டையில் அச்சிடலாம். படமும் தன் அழகை இழக்காது; வாடிக்கையாளரும் தேதியைத் தவறவிடமாட்டார்.